பொம்மை 840 கிராம், பில் ஆறரைக் கிலோ

எங்கள் வீடு மதுரைப் பசுமலையில். விளாச்சேரிக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர் அது. ஆடி பிறந்தால் தெருவெல்லாம் திண்ணையில் பொம்மை காயும். அங்கே வாங்கி, போனில் படம் போட்டு, வெளியூருக்கு அனுப்பி விற்கிறேன். கடை கிடையாது, ஹால்தான் கிடங்கு.

முதல் வருஷம் பெங்களூரிலிருந்து ஒருவர் மீனாட்சி கல்யாண செட் கேட்டார். மீனாட்சி, சுந்தரேஸ்வரர், தாரை வார்க்கும் பெருமாள் என்று மூன்று பொம்மை. காகிதக்கூழில் செய்தது, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் உயரம், 280 கிராம். மூன்றும் சேர்த்து 840 கிராம்தானே, ரெண்டு கிலோ கணக்கு வைத்தால் கூடப் போதும் என்று கூரியருக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

பேக்கிங்கில் காசு மிச்சம் பிடித்ததாக அன்று எனக்குப் பெருமை வேறு. பலசரக்குக் கடையில் ஐந்து தாள் அடுக்கி ஒட்டிய கெட்டியான 5 பிளை பெட்டி சும்மாவே கிடைத்தது. வீட்டில் பழைய பேப்பர் இருந்தது. பொம்மைகளை நிற்க வைத்து, சுற்றிலும் பேப்பரைக் கசக்கித் திணித்தேன். செலவு டேப்புக்கு மட்டும்தான். கூரியர் கவுண்டரில் தராசு 1.8 கிலோ காட்டியது. அடுத்து அங்கே இருந்த தம்பி அளக்கிற டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தார். 35, 30, 30. கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "ஆறரைக் கிலோ வருதுக்கா. 670 ரூவா" என்றார்.

சண்டை போட்டேன். தராசைக் காட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "வெயிட் ஒண்ணு, அளவு ஒண்ணு. எது பெருசோ அதுக்குத்தான் பில்லு."

அந்தக் கணக்கு இதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். 35 × 30 × 30 என்றால் 31,500, வகுத்தால் 6.3 கிலோ. அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் ஸ்லாப் ஏறும் என்பதால் 6.3 என்பது 6.5 ஆகிவிடும். பெங்களூருக்கு எனக்குக் கொடுத்த ரேட், முதல் அரைக் கிலோவுக்கு 70, அதற்கு மேல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 50. சும்மா கிடைத்த பெட்டிக்கு 370 ரூபாய் கைவிட்டுப் போனது. செட்டில் எனக்கு நின்ற லாபமே அவ்வளவு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தோன்றியது, பேக்கிங்கை லேசாக்க வேண்டும் என்பதுதான். மெல்லிய அட்டை, பேப்பருக்குப் பதில் தெர்மாகோல் என்று யோசித்தேன். யோசித்தது தப்பு. தராசில் 1.8 கிலோவை ஒன்றரையாகக் குறைத்தாலும் பில் ஆறரைதான். கிராமைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, குறைக்க வேண்டியது சென்டிமீட்டரை. இது மண்டையில் ஏறிய பிறகு நான் வாங்கிய பொருள்களே மாறிப்போயின.

படுக்க வைத்தால் என்ன என்று பார்த்தேன். பொம்மையின் பீடம் 9 சென்டிமீட்டர் அகலம், முன்பின் 8. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுற்றினால் ஒவ்வொன்றும் 22 நீளம், 11 அகலம், 10 உயரம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால் 38 × 27 × 15 பெட்டி. கணக்குப் போட்டால் 3.08 கிலோ. இந்த 0.08 இருக்கிறதே, இதுதான் வயிற்றெரிச்சல். மூன்றைத் தாண்டியதால் பில் மூன்றரை, 370 ரூபாய். உயரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைத்து 14 ஆக்கினால் 2.87, பில் மூன்று கிலோ, 320. அதனால் பெட்டி வாங்கும்போது "கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்று இப்போதெல்லாம் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை.

அடுத்த மிச்சத்தை என் மாமியார் கண்டுபிடித்தார். பொம்மைக்குக் கீழே பீடம் அகலம், மேலே கிரீடம் ஐந்து சென்டிமீட்டர்தான். மூன்று தலையையும் ஒரே பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் காலி, இந்தப் பக்கம் நெருக்கம். "நடுவுல இருக்குறதத் திருப்பிப் போடேன், நாம மூணு பேரு ஒரு பாயில படுக்குற மாதிரி" என்றார். நடுவில் இருந்த மீனாட்சியின் தலை, மற்ற இருவரின் கால்பக்கம் போனது. சுற்றிய பிறகு 33 சென்டிமீட்டர் பிடித்த வரிசை 29-க்குள் அடங்கியது. பெட்டி 34 × 26 × 14. பெருக்கி வகுத்தால் 2.48. ஸ்லாப் இரண்டரை, பில் 270. சாமியைத் தலைகீழாக அனுப்புவதா என்று அம்மா மட்டும் முணுமுணுத்தார்.

இனி உடையாமல் போய்ச் சேர வேண்டும். சின்னப் பெட்டியில் திணிக்க இடமில்லை, அப்போது பத்திரம் எங்கிருந்து வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. விளாச்சேரியில் நான் பொம்மை எடுக்கும் பெரியவர் வைக்கோலில்தான் கட்டுவார். லாரியில் மொத்தமாக ஏற்றி, அவர்கள் ஆளே நின்று இறக்கும்போது வைக்கோல் அருமையான பொருள். கூரியருக்கு ஆகாது. அமுங்க அமுங்கப் பெட்டிக்குள் காலியிடம் உண்டாகும், ஈரம் வாங்கினால் பூஞ்சை பிடிக்கும். உமியைப் பையில் கட்டி ஒருமுறை வைத்துப் பார்த்தேன். வண்டி குலுங்கக் குலுங்க உமி நகர்ந்து பொம்மை ஒரு மூலைக்குப் போய்விட்டது. தெர்மாகோல் லேசுதான், ஆனால் தாங்குகிற கனத்துக்கு வைத்தால் சென்டிமீட்டரைத் தின்னும்.

கடைசியில் வைக்கோல் கட்டுகிற அந்தப் பெரியவரிடமே விஷயம் கிடைத்தது. ஹைதராபாத்துக்குப் போன செட்டில் மீனாட்சியின் நீட்டிய கை மணிக்கட்டோடு ஒடிந்திருந்தது. பெட்டியில் ஒரு நசுங்கல் இல்லை. நான் பபிள் ரேப்பை நாலு சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர், "தாயி, இது கீழ விழுந்து ஒடியல. நீ கட்டும்போதே ஒடிச்சிருக்க" என்றார். கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கை நான் அடைக்கவில்லை. மேலே இறுக்கிச் சுற்றியதும் பாரம் முழுக்கக் கையின் மேல் விழுந்து, அது உள்பக்கமாக வளைந்திருக்கிறது. வழியில் ஒரு குலுக்கல் மிச்சத்தை முடித்துவிட்டது.

அன்றிலிருந்து சுற்றுவதற்கு முன்னால் இடுக்குகளை அடைப்பதுதான் என் முதல் வேலை. மெல்லிய டிஷ்யூத்தாளை லேசாகச் சுருட்டி கை இடுக்கு, கழுத்துக் கீழ், பெருமாளின் கிண்டிக்குப் பின்புறம் எல்லாம் வைப்பேன். பொம்மை உருண்டையாக ஆகிற வரைக்கும் அடைக்க வேண்டும். விரலால் மேலே தடவினால் எங்கும் தனியாக ஏதும் நீட்டிக்கொண்டு தட்டுப்படக்கூடாது. அதன்மேல் பட்டர் பேப்பர் ஒரு சுற்று. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வார்னிஷ் அடித்துச் சரியாகக் காயாத பொம்மையில் பபிள் ரேப் நேரடியாகப் பட்டால், புரட்டாசி வெயிலில் வண்டிக்குள் வெந்து, சுந்தரேஸ்வரர் முகமெல்லாம் வட்ட வட்டமாக அம்மைத் தழும்பு விழுந்துவிடும். செய்தித்தாள் பட்டால் மை ஒட்டும். பட்டர் பேப்பருக்கு வெளியேதான் பபிள் ரேப், இரண்டே சுற்று, இறுக்காமல்.

அடுத்தது தடுப்பு. ஒரு பொம்மை இன்னொன்றில் இடித்துத்தான் பாதி சேதம் நடக்கிறது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு தடுப்பு நிற்க வைக்கிறேன். பலசரக்குக் கடைப் பெட்டி இன்னும் வாங்குகிறேன், இந்த வேலைக்குத்தான். வெட்டும்போது அட்டைக்குள் இருக்கும் நெளி மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்ட வேண்டும். நெளி படுத்திருந்தால் மேலே பாரம் விழுந்ததும் தடுப்பு மடங்கிவிடும். நின்றிருந்தால் தூண் மாதிரி தாங்கும், மூடியின் மேல் வேறு பார்சல் அடுக்கினாலும் பொம்மைக்கு இறங்காது. பொம்மையின் பீடம்தான் கனமான இடம், பெட்டி நெட்டுக்குத்தாக விழுந்தால் அது சுத்தியல் மாதிரி பக்கச் சுவரைக் குத்தும். அதனால் பீடம் வருகிற இடத்தில் மட்டும் இரட்டை அட்டை.

பெட்டி அட்டையில்தான் நான் ரொம்ப நாள் குழம்பினேன். 5 பிளைதானே பலம், எடை எப்படியும் இரண்டரைக் கிலோவைத் தொடாது, தைரியமாக அதையே போடலாமே என்று தோன்றும். 3 பிளையை விட நூறு நூற்றைம்பது கிராம்தான் கூட வரும். சிக்கல் எடையில் இல்லை, அட்டையின் தடிமனில். நான் வாங்கும் 3 பிளை அட்டை சுமார் 3 மில்லிமீட்டர், 5 பிளை 6 மில்லிமீட்டர். மேலே மூடி இரண்டு மடிப்பு, அடியில் இரண்டு மடிப்பு, ஆக நாலு அட்டை ஒன்றன்மேல் ஒன்று வருகிறது. 5 பிளை போட்டால் உயரத்தில் மட்டும் 12 மில்லிமீட்டர் ஏறி, ஸ்லாப் தாண்டிவிடும். அதனால் 3 பிளையிலேயே தாளின் ஜிஎஸ்எம்மை, அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை, ஏற்றிக்கொண்டேன். 120-க்குப் பதில் 150 ஜிஎஸ்எம் கிராஃப்ட். தடிமன் ஏறவே இல்லை, அட்டை விறைப்பாக இருக்கிறது, பெட்டி 270 கிராம் வருகிறது. கடையில் 150 என்று சொல்லி எதையாவது தருவார்கள். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்ப்பேன். நெளி சட்டென்று தட்டையாகி அப்படியே கிடந்தால் அந்த அட்டை வேண்டாம்.

முதல் சீசன் முழுக்கப் பழைய பெட்டிகளை அறுத்துத்தான் அளவுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியின் நாலு மூலையிலும் வேண்டிய உயரத்துக்குக் குறி வைத்து, அந்த அளவு வரை மூலையைக் கத்தியால் கீறிவிட வேண்டும். குறிகளைச் சேர்த்து ஸ்கேல் வைத்து, கரண்டிக் காம்பால் அழுத்திக் கோடு போட்டால் அந்தக் கோட்டில் சுத்தமாக மடியும். கோடு போடாமல் கையால் மடித்தால் அட்டை தாறுமாறாக உடைந்து மேல்பக்கம் கும்மென்று நிற்கும். கூரியர்க்காரர் அளப்பது அந்தக் கும்மலின் உச்சியைத்தான். 14 என்று நாம் நினைத்த பெட்டி 15.5 ஆகிவிடும்.

ஆர்டர் கூடியதும் கப்பலூர்ப் பக்கம் அட்டைப்பெட்டி அடிக்கிற ஒரு சின்ன யூனிட்டில் 100 பெட்டி சொன்னேன். ஒன்று 24 ரூபாய். அளவு 34 × 26 × 14 என்று எழுதிக் கொடுத்தேன். பெட்டி வந்ததும் அளந்து பார்த்தால் வெளியே 34.6, 26.6, 15.2. கணக்கு 2.8 கிலோ. யூனிட்டில் கேட்டதற்கு, "நீங்க சொன்னது உள்அளவுதானேம்மா, பெட்டிக்கு எல்லாரும் உள்அளவுதான் சொல்லுவாங்க" என்றார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. பெட்டி செய்பவருக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கு, கூரியருக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கு. நடுவில் இருந்த எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்கு 50 ரூபாய் வீதம் கூடுதல் ஸ்லாப் கட்டி அந்த நூறையும் ஓட்டித் தீர்த்தேன். இப்போது மில்லிமீட்டரில், உள்அளவு என்று கொட்டை எழுத்தில் எழுதி 334 × 254 × 128 கொடுக்கிறேன்.

புதுப்பெட்டி வந்ததும் விளாச்சேரியில் விரிசல் விட்டு ஒதுக்கிய மூன்று பொம்மையை வாங்கிவந்து சோதித்தேன். வழக்கம்போலக் கட்டி, முதலில் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே 'டொக்' என்ற சத்தம் கேட்டால் அங்கேயே தோல்வி. பிறகு சாப்பாட்டு மேஜை உயரத்திலிருந்து போட்டேன். ஒரு மூலையில் ஒரு தடவை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பிலும் ஒவ்வொரு தடவை, பிறகு ஆறு பக்கமும். மொத்தம் பத்து. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து "என்னடி, சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முதல் கட்டில் பெருமாளின் பீடம் சுவரைக் குத்தி உள்ளிருந்தே புடைத்திருந்தது. மேலே சொன்ன இரட்டை அட்டை அப்படி வந்ததுதான். இரண்டாம் கட்டில் பத்துத் தடவை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மழைக்காகப் பெட்டிக்கு வெளியே ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். லேபிள் ஒட்டவில்லை, ஒட்டினாலும் உரிந்தது. சுற்றிய பொம்மை ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை மடித்து உள்ளே வைக்கிறேன். காகிதக்கூழ் ஈரம் பட்டால் ஊறிவிடும் என்பதால் இதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. டேப் நடுமூட்டிலும் இரண்டு பக்க ஓரத்திலும், மேலேயும் கீழேயும். அதற்குமேல் பெட்டியைப் பச்சிலைக் கட்டு மாதிரி சுற்றுவது வீண்.

எல்லாம் சேர்த்து இந்த செட் தராசில் 1.3 கிலோ. பெட்டி, பபிள் ரேப், தாள், டேப் எல்லாம் 50 ரூபாய்க்குள் முடிகிறது. முன்பு பேக்கிங் செலவே இல்லாமல் 670 கட்டினேன், இப்போது 50 செலவு செய்து 270 கட்டுகிறேன்.

கிராம் கணக்கு வேலை செய்கிற இடமும் உண்டு. ஒற்றைப் பிள்ளையார், 300 கிராம். பெட்டி 16 × 13 × 12, அளவுக் கணக்கு 0.499. அரைக் கிலோவுக்குள் சரியாக நிற்கிறது. இங்கே தராசுதான் எதிரி. பெட்டி 65 கிராம், டேப்பும் பபிள் ரேப்பும் பில் கவரும் 40, செய்தித்தாள் ஆறு தாள் கசக்கி வைத்தேன். மொத்தம் 510 காட்டியது, பில் ஒரு கிலோ. செய்தித்தாள் லேசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விரித்த முழுத்தாள் ஒன்று 17, 18 கிராம் வரும். ஆறு தாளை எடுத்துவிட்டு, பெரிய செட்டில் வெட்டி மிஞ்சிய பபிள் ரேப் துண்டுகளை வைத்தேன். 425-க்கு வந்துவிட்டது. ஒரே வீட்டில் ஒரே நாளில், ஒரு பெட்டிக்கு அட்டை கனமாக இருக்கலாம், இன்னொன்றுக்குத் தாள்கூடக் கூடாது.

மண் பொம்மைக்கு இந்த வித்தை பாதிதான் பலிக்கும். அதே அளவு மண் செட் இரண்டு கிலோவைத் தாண்டும், விழுந்தால் அதன் கனமே அதை உடைக்கும், சுற்றிலும் இன்னும் இடம் வேண்டும். ஓரடிக்கு மேல் உயரமான மண் பொம்மையை நான் கூரியரில் போடுவதே இல்லை. பஸ் பார்சலில் ஆள் வந்து எடுத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும். இன்னொன்று, வகுக்கும் எண் எல்லா இடத்திலும் 5000 இல்லை. ஒரு இடத்தில் ரேட் குறைவு என்று போனேன், அவர்கள் 4000-ஆல் வகுத்தார்கள். என் 2.48 அங்கே 3.09. ரேட்டுக்கு முன்னால் இப்போது அதைத்தான் கேட்கிறேன்.

போன மாசம் அந்த முதல் பெங்களூர் அம்மா கூப்பிட்டார். கொலு முடிந்ததும் பொம்மைகளைத் திரும்ப எடுத்து வைக்க அவருக்கு என் பெட்டியும் தடுப்பும் வேண்டுமாம். பொம்மை வேண்டாம், வெறும் பெட்டி மூன்று. தட்டையாக மடித்தால் பெட்டி 60 × 40, கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழ். மூன்றை அடுக்கினால் 2 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தேன், 0.96. எடை தடுப்போடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போனது. ஒரு தடுப்பை எடுத்துவிட்டு நிறுத்தேன். 985 கிராம். "ஒரு தடுப்பு மட்டும் நீங்களே அட்டையில் வெட்டிக்கோங்கம்மா, நெளி நின்ன மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, 120 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.